நாலு மணி நேரம் கழித்து உள்ளே வரலாம்

கொடைக்கானலில் யார் வீட்டிலும் மூட்டைப்பூச்சி கிடையாது. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும், எதிர்த்த காட்டேஜில் இருக்கும், மதுரையிலிருந்து வந்த சொந்தக்காரர் பையில் இருக்கும். நம் வீட்டில் மட்டும் இருக்காது. இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு டூரிஸ்டுக்கு ரூம் விடுகிற ஊரில் வேறு எப்படிப் பேசுவார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள், கடுகளவுப் பூச்சியை மறைப்பதற்கா கஷ்டப்படப் போகிறார்கள்.

இப்படிப்பட்டவர்களின் வாயிலிருந்து உண்மையை வரவழைத்து, தேதி வாங்கி, ஆளை அனுப்புவதுதான் விஜயராணிக்கு வேலை. மூஞ்சிக்கல்லில் ஒரு டீக்கடைக்கு மேலே இருக்கிறது 'குளிர்மலை பெஸ்ட் கன்ட்ரோல்'. முதலாளி ஞானவேல், மருந்து தெளிக்கிற சிவராமன், போன் எடுக்கிற விஜயராணி, ஆக மொத்தம் மூன்று பேர். விஜயராணி, சிலோன் எஸ்டேட்டிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். அவளுடைய அம்மா இன்னும் "ஓம்" என்றுதான் ஆமாம் சொல்வாள். விஜயராணி சொல்ல மாட்டாள். ஆனால் எதிரே பேசுகிறவர் தயங்கினால், அவளையும் அறியாமல் அந்த "ஓம்" வாயில் வந்துவிடும்.

போன் செய்கிறவர்கள் முதலில் சொல்கிற வாசகம் ஒன்றேதான். "சும்மா ஒரு டவுட்டு கேக்கலாம்னு கூப்பிட்டேன்ங்க." விஜயராணி அவசரப்பட மாட்டாள். "கேளுங்க, கேக்கறதுக்குத்தான நான் இருக்கேன்" என்பாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பூச்சி வாசலைத் தாண்டி இவர்கள் கட்டிலுக்கே வந்துவிடும்.

இவ்வளவு பொறுமை முதலாளிக்குக் கிடையாது. கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஞானவேல் முதன்முதலில் போட்ட பதிவை ஊரே இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. நாய்க்குட்டி அளவுக்கு ஒரு கரப்பான் படம். முகமூடி போட்ட இரண்டு பேர். கீழே, 'உங்கள் படுக்கையில் எமன் படுத்திருக்கிறானா?' என்று சிவப்பு எழுத்து. அதைப் பார்த்து ஒருவர்கூட புக் செய்யவில்லை. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தர் மட்டும் கூப்பிட்டு, குழந்தைகள் ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறார்கள், அதை எடுங்கள் என்று திட்டினார்.

"எமனக் காட்டுனா எவன் கதவத் தொறப்பான்?" என்று சிவராமன் கேட்டான். ஞானவேலுக்குக் கோபம்தான். ஆனாலும் அன்றைக்கே அந்த வேலையை விஜயராணியிடம் தள்ளிவிட்டார். அவளும் மதுரையில் மருந்துக் கம்பெனி நடத்திய பயிற்சியில் கொடுத்த தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினாள்.

'வணக்கம். வீட்டில் பூச்சி வருவது யாருடைய தப்பும் இல்லை. கரப்பானுக்கு நாங்கள் வைப்பது ஜெல். கீல், மூலை, அலமாரியின் பின்புறம் என்று பொட்டுப் பொட்டாக வைப்போம். பாத்திரத்தை எல்லாம் வெளியே எடுக்க வேண்டாம், வீட்டை விட்டுப் போகவும் வேண்டாம். மூட்டைப்பூச்சிக்கு மருந்து தெளிப்போம். நாலு மணி நேரம் கழித்து உள்ளே வரலாம். முட்டையிலிருந்து புதிதாக வெளிவரும் பூச்சிக்காகப் பதினைந்து நாள் கழித்து மறுபடி வருவோம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. வாரண்டி மூன்று மாதம். அதற்குள் பூச்சி தென்பட்டால் ஒரு போன் போதும், இலவசமாக வந்து செய்து தருவோம். புக்கிங்குக்கு இந்த எண்ணில் கூப்பிடுங்கள். விஜயராணி பேசுவேன்.'

கடைசி வரியை ஞானவேல் விரும்பவில்லை. கம்பெனி என்றால் ஒரு கெத்து வேண்டாமா என்றார். ஆனால் போன்கள் அந்த வரிக்காகத்தான் வந்தன. "விஜயராணிங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஒவ்வொருவரும் ஆரம்பித்தார்கள். பூச்சி வருவது யாருடைய தப்பும் இல்லை என்ற வரியைத் தன் கணவருக்குப் படித்துக் காட்டியதாக ஒரு அம்மா சொன்னார். விஜயராணிக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை.

அப்படி வந்த ஒரு போன்தான் மன்னவனூர் வேலம்மாவுடையது.

வேலம்மாவும் சும்மா ஒரு டவுட்டில்தான் ஆரம்பித்தாள். பத்து வார்த்தைக்குள் உண்மை வந்துவிட்டது. மகன் வேலுமணி, டவுனில் ஒரு பழைய காட்டேஜை மூடியபோது சல்லிசாகக் கிடைத்ததென்று ஒரு தேக்குக் கட்டிலை வாங்கி வந்திருக்கிறான். பெண்டாட்டியும் பிள்ளையும் படுக்கத்தான். மருமகள் தேவசேனா பழனிக்காரி, அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பம். பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், ஐந்து மாதக் குழந்தையோடு இந்த வெள்ளிக்கிழமை வருகிறாள். கட்டிலோ சும்மா வரவில்லை, தன் குடித்தனக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"சம்பந்திவீட்ல ஏற்கெனவே, மலையில குளிரு, கைப்புள்ளைக்கு ஆகாதுன்னு இழுத்துக்கிட்டே இருந்தாக தாயி. இப்பத்தான் ஒருவழியா சரின்னாக. வெள்ளிக்கெழமைய விட்டா மார்கழி பொறந்துரும், பெறகு தையிலதான் அனுப்புவாக. இதுல மூட்டப்பூச்சின்னு ஒரு வார்த்த அவுக காதுல விழுந்துச்சு, அம்புட்டுத்தான். எம்பேரன நான் இன்னும் தூக்கிக்கூடப் பாக்கல. ஆசுபத்திரியில பாத்ததோட சரி."

"புதன்கிழமை வந்து அடிச்சுக் குடுத்துர்றோம்மா. நாலு மணி நேரம் போதும், நீங்க உள்ள போயிரலாம். வெள்ளிக்கிழமைக்கு நல்லா டைம் இருக்கு" என்றாள் விஜயராணி. துணிகளை எல்லாம் வெந்நீரில் துவைத்துக் காயப் போடச் சொன்னாள். பதினைந்து நாள் கழித்து இரண்டாவது முறை தெளிக்கும்போது குழந்தையை அன்று முழுக்க வேறு வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். வேலம்மா எல்லாவற்றுக்கும் ஊம் கொட்டினாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"எம்மருமககிட்டயிருந்து போன் கீன் வந்தா, நீ எதுவும் சொல்லிராத தாயி."

"ஓம் அம்மா. சொல்ல மாட்டேன்" என்றாள் விஜயராணி.

புதன்கிழமை சிவராமன் போய்விட்டு வந்தான். முதுகில் மருந்து டேங்கை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தபோது ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை என்று சிரித்தான். மன்னவனூரில் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் மருந்தடிக்க தினம் பத்துப் பேர் அப்படி நடக்கிறார்கள், இவனும் எவன் காட்டுக்கோ போகிறான் என்று விட்டுவிட்டார்கள். கட்டிலின் மூட்டு, பலகை இடுக்கு, சுவர் ஓரம், கதவுச் சட்டம் என்று இரண்டு அறையிலும் தெளித்தாயிற்று. பின்கட்டுச் சமையலறையைத் தொடவில்லை. விஜயராணி வெள்ளிக்கிழமையை நினைத்துச் சந்தோஷப்பட்டாள். முகம் தெரியாத ஒருத்தி வீட்டுக்குப் பேரன் வருவதில் தனக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை வெள்ளனே வேலம்மா கூப்பிட்டாள்.

"நல்லாயிருப்ப தாயி. செத்துச் செத்துக் கெடக்கு. கூட்டி அள்ளுனேன். ரூமெல்லாம் தொடச்சு வச்சாச்சு." பிறகு கொஞ்சம் தயங்கி, "வாடைதான் லேசா இருக்கு. ராத்திரி உள்ள படுத்தேன், கண்ணு எரியுது. தலையும் கனமாக் கெடக்கு. அது ஒண்ணுமில்லதான? நாலு மணி நேரம் நேத்தே ஆகிப்போச்சே" என்றாள்.

விஜயராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மதியம் தெளித்த மருந்து மறுநாள் காலைவரைக்கும் கண்ணை எரிக்கக் கூடாது.

"ஜன்னல் தொறந்து வச்சீங்களாம்மா?"

"ஜன்னலா? அத எப்படித் தொறக்க? புள்ளைக்குப் பனிக்காத்துப் படக்கூடாதுன்னு வேலுமணி ஒரு வாரமா உக்காந்து ரெண்டு ரூமு ஜன்னலுக்கும் பிளாஸ்டிக் ஷீட்ட வச்சு ஆணி அடிச்சிருக்கான். கதவு இடுக்குல எல்லாம் சாக்கு. ஒரு பொட்டுக் காத்து வராது தாயி, அம்புட்டு நல்லாச் செஞ்சிருக்கான்."

நாலு மணி நேரம் என்ற கணக்கு மதுரையில் கொடுத்த கணக்கு. அங்கே ஜன்னலைத் திற என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அடைத்து வைத்தால் ஆளே வெந்துபோவான். இங்கே கார்த்திகைக் கடைசியில், மூன்று மணிக்கே மூடுபனி இறங்குகிற ஊரில், யார் ஜன்னலைத் திறப்பார்கள்? மருந்து காயவே நேரம் ஆகும். காய்ந்தாலும் வாடை போக வழி வேண்டும். இதே ஊரில் பிறந்து, தன் வீட்டு ஜன்னலையும் இப்படியே அடைத்து வைத்திருப்பவள், தாளில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதிவிட்டாள். குழந்தை வருகிறது என்று காதால் கேட்ட பிறகும் அதையேதான் சொன்னாள்.

குரலை மட்டும் மாற்றாமல் பேசினாள். "அம்மா, பயப்படாதீங்க. முதல்ல நீங்க வெளிய வந்து முகத்த நல்லாக் கழுவுங்க. வேலுமணி அண்ணன்கிட்ட சொல்லி, அந்த ஷீட்டு, சாக்கு எல்லாத்தையும் இப்பவே பிரிக்கச் சொல்லுங்க. கதவு, ஜன்னல் எல்லாம் தொறந்தே கெடக்கட்டும். தரையை மட்டும் துடைக்கலாம், கட்டில் இடுக்கையும் சுவர் ஓரத்தையும் துடைச்சிராதீங்க. ரெண்டு பேரும் சமையக்கட்டுல படுங்க. தலைவலி விடலேன்னாலோ மூச்சு முட்டுற மாதிரி இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. மருந்து பேரை இப்பவே அனுப்புறேன், அதை டாக்டர்கிட்ட காட்டுங்க."

"செய்யிறேன். எனக்கு ஒண்ணுமில்ல, காட்டுல அடிக்காத மருந்தா. நாளைக்குள்ள சரியாயிருமுல்ல?"

இந்த இடத்தில் ஆகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு பகல், ஒரு ராத்திரி காற்றோடினால் பெரியவர்களுக்குப் போதும்தான். ஆனால் வரப்போவது தரையில் தவழப் பார்க்கிற குழந்தை. கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளிர் ஏறியதும், குழந்தைக்காகவே அந்த ஷீட்டை மறுபடி அடிப்பார்கள். அடிக்காமல் இருக்க அவர்கள் என்ன கல்லா?

"நாளைக்கு வேண்டாம்மா. குழந்தையை இப்ப அந்த வீட்ல படுக்க வைக்க வேண்டாம்."

வேலம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் விஜயராணிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீதானம்மா எழுதியிருக்க. எம்மகன் வாசிச்சுக் காட்டுனான். நாலு மணி நேரம் கழிச்சு உள்ள வரலாம்னு. அத நம்பித்தான உன்னக் கூப்புட்டேன். இப்ப வேற சொல்ற."

"நான் எழுதினது சரியில்லம்மா. இந்த ஊருக்கு அது பொருந்தாது. என் தப்புதான்."

"உன் தப்ப வச்சு நான் என்ன செய்ய? சம்பந்திக்கு என்னன்னு சொல்ல? வேண்டாம்னு நானே சொல்லவா, வர்ற புள்ளைய?"

வைத்துவிட்டாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஆனால் தாழியை உடைத்த கை தன் கை என்பதுதான் விஜயராணிக்குத் தாங்கவில்லை.

ஞானவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பேச்சுத்தான் கொஞ்சம் வெட்டுவாரே தவிர கெட்ட மனுஷன் இல்லை. "ஷீட்ட எடுக்கச் சொன்னேல்ல, அதோட விட்ருக்கலாம் விஜயா. வேண்டாம்னு எதுக்குச் சொன்ன? கம்பெனியே வேண்டாம்னுச்சுன்னு ஊரு பூராப் பேசும்."

"உங்க வீட்டுக் குழந்தையா இருந்தா நாளைக்குப் படுக்க வைப்பீங்களாண்ணே?"

அவர் மேசையில் கிடந்த சாவியை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார். விஜயராணி அதற்குமேல் அவரை எதுவும் கேட்கவில்லை. போனை எடுத்துத் தன் பழைய பதிவைத் திறந்தாள். இந்த நேரத்தில் இன்னும் எத்தனை வீட்டில் அதை வாசித்துக்கொண்டிருக்கிறார்களோ. பயமுறுத்தாமல் எழுதுகிறேன் பேர்வழி என்று, பயப்பட வேண்டிய ஒரே இடத்தையும் சேர்த்து விழுங்கியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. நாலு மணி நேரம் என்ற வரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாக எழுதினாள்.

'மருந்து தெளித்த அறைக்குள், அது நன்றாகக் காய்ந்து வாடை அடங்கும்வரை யாரும் தங்க வேண்டாம். கீழ் ஊர்களில் நாலு மணி நேரம் போதும். நம் குளிரில் கூடுதலாக ஆகும். மருந்து காய்ந்ததும் கதவு ஜன்னலை எல்லாம் திறந்து வையுங்கள். பனிக்காக அடைத்திருந்தால் அந்த அடைப்பை எடுத்துவிடுங்கள். கண் எரிந்தால் இன்னும் காற்று வேண்டும் என்று அர்த்தம். வெளியே வந்து எங்களைக் கூப்பிடுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, இழுப்பு உள்ளவர்கள், வளர்க்கும் பறவை, மீன்தொட்டி, இவற்றில் எது இருந்தாலும் புக் செய்யும்போதே சொல்லுங்கள், அதற்கேற்ப நாள் வைப்போம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு நாங்கள் அவசர நாள் வைப்பதில்லை.'

ஞானவேல் படித்தார். கண் எரிந்தால் என்ற இடத்தில் நின்றார். அதை எடுக்கச் சொல்லப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். "ரெண்டாவது தடவ மன்னவனூருக்கு நானும் சிவராமன்கூடப் போறேன். ஜன்னல நானே தொறந்து வச்சுட்டு வாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பிற்பகலில் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். ஒருவருக்குத் தன் லவ்பேர்ட்ஸைப் பற்றிக் கேட்க வேண்டும். இன்னொரு பெண்ணுக்கு மாமியாருக்கு இழுப்பு, அதனால்தான் இத்தனை நாள் கூப்பிடாமல் இருந்தாளாம். விஜயராணி இருவருக்கும் பதில் சொன்னாள், நாளும் குறித்தாள். மனசு மட்டும் மன்னவனூரில் கிடந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புது எண்ணிலிருந்து ஒரு போன். "விஜயராணிங்களா?" இளம் குரல்.

"ஆமாங்க, சொல்லுங்க."

"நான் பழனியிலிருந்து பேசறேன். தேவசேனா. மன்னவனூர் வேலம்மாவோட மருமகள்ங்க."

விஜயராணி வேலம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாங்க. எனக்குத் தெரியும். கட்டில் வாங்கின மூணாம் நாளே அவர் எங்கிட்ட சொல்லிட்டார். அவர் என்கிட்ட எதையும் மறைக்க மாட்டார். உங்க பதிவையும் அவர்தான் அனுப்பினார், பயப்படாதேன்னு. அத்தைக்குத்தான் எனக்குத் தெரியும்ங்கறது தெரியாது. தெரிஞ்சா கூசிப் போயிருவாங்க."

விஜயராணி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"புதன்கிழமையிலிருந்து அதைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சிட்டிருக்கேன். நாலு மணி நேரம்னு இருந்துச்சுங்க. இப்ப பார்த்தா அந்த வரியைக் காணோம். கைக்குழந்தை இருந்தா அவசர நாள் வைக்கறதில்லைன்னு இருக்கு. நாளைக்கு நான் குழந்தையோட பஸ் ஏறணும். அவருக்குப் போட்டா லைன் கிடைக்கல. அத்தை வீட்ல ஏதாச்சும் ஆச்சாங்க?"

வாக்கை நினைத்துக் கொஞ்சம் தயங்கினாள் விஜயராணி. பிறகு அந்த ஐந்து மாதக் குழந்தையை நினைத்துக்கொண்டாள். "அத்தைக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லாயிருக்காங்க. குழந்தைக்குக் குளிரக் கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர் ஜன்னலையெல்லாம் அடைச்சிருந்தார். அதனால வாடை நின்னுபோச்சு. இப்ப தொறந்து விட்டாச்சு. ஆனா நாளைக்கே குழந்தையைக் கூட்டிட்டுப் போக வேண்டாம். ரெண்டாவது தடவையும் அடிச்சு, நல்லாக் காத்தோடினதுக்கப்புறம் கூட்டிட்டுப் போங்க."

"அப்ப தையிலதான்" என்றாள் தேவசேனா. குரல் உள்ளே போயிருந்தது. அவளும்தான் அந்த வீட்டுக்குப் போக நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். "அத்தை வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. சொல்ல அவங்களுக்கு வாய் வராது. நானே குழந்தைக்குச் சளின்னு சொல்லி நிறுத்திக்கறேன். நான் கூப்பிட்டேன்னு அத்தைகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் விஜயராணி. ஒரே வீட்டுக்காக இது இரண்டாவது வாக்கு. பூச்சி மருந்துக் கம்பெனியில் சேரும்போது இந்த வேலையும் உண்டு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும், அம்மா திட்டத் திட்டத் தன் அறை ஜன்னலில் சொருகியிருந்த துணியை உருவி எறிந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலம்மாவின் எண் வந்தபோது, திட்டு வாங்கத் தயாராகத்தான் போனை எடுத்தாள். திட்டு வரவில்லை.

"கண்ணு எரிச்சல் விட்ருச்சு. ராத்திரி பூரா ஜன்னலத் தொறந்து போட்டுட்டு, அடுப்பங்கரையில ரெண்டு கம்பளியப் போத்திக்கிட்டுக் கெடந்தோம்" என்றாள் வேலம்மா. "நேத்து ராத்திரி எம்மருமக பேசுனா தாயி. புள்ளைக்குச் சளியாம். நாளைக்கு வரல அத்த, தையில வாறேன்னா."

"அப்படியாம்மா" என்றாள் விஜயராணி. அதற்குமேல் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

"நானும் கூப்புட்டு வேண்டாம்னு சொல்லத்தான் போனக் கையில எடுத்தேன். எடுத்து எடுத்து வச்சேன். பூச்சின்னு எந்த வாயால சொல்ல? அதுக்குள்ள அவளே கூப்புட்டுட்டா." குரலைத் தாழ்த்தினாள். "சளி பிடிச்ச புள்ள மூக்க உறிஞ்சும், சிணுங்கும். நானும் மூணு பெத்தவதான. அவ சளின்னு சொல்லிக்கிட்டிருக்கா, பின்னால எம்பேரன் கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். மூச்சு அம்புட்டுத் தெளிவாக் கேக்குது."

விஜயராணி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவளுக்கு எல்லாந் தெரிஞ்சிருக்கு தாயி. தெரிஞ்சும் என்னய ஒரு வார்த்த கேக்கல. ஏன் அத்த இப்படின்னு கேக்கல. எனக்குக் கூச்சமாயிருமுன்னு, ஒண்ணுமில்லாத புள்ளைக்குச் சளின்னு சொல்றா." வேலம்மாவின் குரல் உடைந்தது. "நான் அவள டவுன்காரி, அவ ஆத்தா பேச்சத்தான் கேப்பான்னு நெனச்சு, அவகிட்டப் போய் ஒளிச்சேன் பாரு."

விஜயராணி அழுதாள். மறைக்கவும் இல்லை. சிவராமன் டீ கிளாஸோடு படியேறி வந்தவன், பார்த்துவிட்டு அப்படியே திரும்பி இறங்கிப் போனான்.

"நீங்க என்னம்மா சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று கேட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"என்ன சொல்ல? சளிக்குத் துளசிச் சாறு எடுத்து, தொட்டுத் தொட்டுப் பாலாடையில குடுன்னேன். சரிங்க அத்தன்னா. அந்த மேனிக்கே ரெண்டு பேரும் ரொம்ப நேரம் இல்லாத சளியப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."